யாருடைய குரல் முதலில் கேட்க வேண்டும்?

எங்களிடம் ஐந்து ஒலித்துண்டுகள் இருந்தன. இரண்டு யாழ்ப்பாணத்துப் பேச்சு, இரண்டு மட்டக்களப்புப் பேச்சு, ஒன்று மலையகப் பேச்சு. ஒவ்வொன்றிலும் ஒராள் தன்ர வீட்டிலிருந்து கிட்ட இருக்கிற கடைக்கு எப்படிப் போவது என்று ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகச் சொல்கிறார். மொழியியல் பாடத்துக்கான ஒப்படை இது. முப்பது பேரைக் கூப்பிட்டு இந்த ஐந்தையும் போட்டுக் காட்டி, ஒவ்வொரு குரலைக் கேட்டதும் "இந்தத் தமிழ் எவ்வளவு திருத்தமானது?" என்று ஒன்றிலிருந்து ஏழு வரை புள்ளி போடச் சொல்ல வேண்டும். பிறகு அந்தப் புள்ளிகளை வைத்து, "திருத்தமான தமிழ்" என்று ஆக்கள் மனதில் எதை வைத்திருக்கிறார்கள் என்று எழுத வேண்டும்.

கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் முதலாவதாக எந்தக் குரலைக் கேட்கிறோமோ அதுதான் அளவுகோலாகிவிடும். முதல் குரலுக்கு ஐந்து போட்ட ஒராள், அடுத்த குரலுக்குப் புள்ளி போடும்போது மனதுக்குள் அந்த ஐந்தோடுதான் ஒப்பிடுவார். எல்லாருக்கும் யாழ்ப்பாணக் குரலையே முதலில் போட்டால், மற்றதெல்லாம் "யாழ்ப்பாணத்தோட பாக்கேக்க எப்படி" என்ற கேள்விக்கு விடையாகிவிடும். எங்கட ஆக்களிடம் ஏற்கனவே இருக்கிற பழக்கத்தை நாங்களே கேட்டு வாங்கி, பிறகு "கண்டுபிடித்தோம்" என்று எழுதுவது போல.

ஆகவே முப்பது பேருக்கும் முப்பது வேறு வேறு ஒழுங்குகள் வேண்டும். எல்லா ஒழுங்கும் ஒருமுறை வர வேண்டும். எதுவும் இரண்டுமுறை வரக்கூடாது. இந்தக் கட்டுரை அந்தப் பட்டியலை எப்படி எடுத்தோம் என்பது பற்றியது. கணினி விஞ்ஞானம் படிக்கிற ஆக்கள் இதை நேர்முகத் தேர்வுக்கான பயிற்சிக் கணக்காகத்தான் சந்திக்கிறார்கள்: ஒரே பெறுமானம் திரும்பத் திரும்ப வரும் ஓர் அணியின் எல்லா வரிசைமாற்றங்களையும், ஒன்றுகூடத் திரும்பாமல் எடுக்க வேண்டும். கலைப்பீடத்திலிருந்து போன எங்களுக்கு அதற்குள் வேறொரு கேள்வியும் இருந்தது. எதை "ஒரே மாதிரி" என்று சொல்கிறோம்?

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். ஐந்தும் வேறு வேறு பொருட்கள் என்றால் 5 × 4 × 3 × 2 × 1, அதாவது 120 ஒழுங்குகள். ஆனால் எங்களுக்கு வகைதான் முக்கியம். யாழ்ப்பாணத்தை 1 என்றும் மட்டக்களப்பை 2 என்றும் மலையகத்தை 3 என்றும் எழுதினால், கையில் இருப்பது 1, 1, 2, 2, 3. இரண்டு 1களை இடம் மாற்றினாலும் எழுத்தில் அதே ஒழுங்குதான். இரண்டு 2களுக்கும் அப்படித்தான். ஆகவே ஒவ்வொரு ஒழுங்கும் அந்த 120க்குள் 2 × 2, நான்கு தடவை ஒளிந்திருக்கிறது. 120ஐ 4ஆல் பிரிக்க 30. எங்களிடம் கேட்பவர்களும் முப்பது பேர். இந்தப் பொருத்தம் தற்செயல் இல்லை; எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் முப்பது பேரைத் தேடினோம்.

இந்தக் கணக்கு பழசு. பாஸ்கரர் 1150இல் எழுதிய லீலாவதியிலேயே 2, 2, 1, 1 என்ற இலக்கங்களால் எத்தனை எண்கள் ஆக்கலாம் என்ற கேள்வி இருக்கிறது. நான்கு இலக்கத்துக்கு 24, அதை இரண்டு தடவை 2ஆல் பிரிக்க 6. ஏ.எல்லில் கணிதம் எடுத்தவர்கள் செய்ததும் இதுதான். ஆனால் எண்ணிக்கை தெரிவது வேறு, பட்டியல் கையில் இருப்பது வேறு. முப்பது என்று தெரிந்தும் அந்த முப்பதையும் ஒன்று விடாமல் எழுதிப் பாருங்கள். பதினெட்டாவதுக்குப் பிறகு எது வந்தது, எது வரவில்லை என்று தடுமாறும்.

சரி, கணினியைக் கொண்டு 120ஐயும் எடுத்துவிட்டு, முதல் முப்பதை முப்பது பேருக்கும் பகிர்ந்தால் என்ன? எங்கட குழுவில் இந்தக் கேள்வி வந்தபோது, என்ன நடக்கும் என்று கடதாசியில் எழுதிப் பார்த்தோம். சாதாரண முறையில், இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினால் முதல் ஆறும் இப்படித்தான் வரும்: 11223, 11232, 11223, 11232, 11322, 11322. ஆறு வரி, ஆனால் மூன்றே ஒழுங்கு. தொடர்ந்து எழுதினால் முதல் 24 வரிகளும் முதலாவது யாழ்ப்பாணத் துண்டில் தொடங்குகின்றன. 25ஆவது வரியில் இரண்டாவது யாழ்ப்பாணத் துண்டு முன்னுக்கு வருகிறது. அதற்குப் பிறகு வரும் ஆறும் ஏற்கனவே எழுதிய அதே ஆறு.

கூட்டிப் பார்த்தால் முப்பது பேருக்கும் கிடைப்பது 12 ஒழுங்குகள் மட்டும். அதில் மூன்று ஒழுங்குகள் தலா நான்கு பேருக்கு, மிச்சம் ஒன்பதும் தலா இரண்டு பேருக்கு. முப்பது பேரும் முதலில் கேட்பது யாழ்ப்பாணக் குரல். பன்னிரண்டு பேர் இரண்டு யாழ்ப்பாணக் குரல்களையும் அடுத்தடுத்துக் கேட்டபிறகுதான் வேறு குரலைக் கேட்பார்கள். மலையகக் குரல் ஒருவருக்குக்கூட முதலில் வராது. இரண்டாவதாக ஆறு பேருக்கும், மூன்றாவது, நான்காவது, ஐந்தாவதாகத் தலா எட்டுப் பேருக்கும் வரும்.

எங்களில் ஒருத்தி ஹட்டன் பக்கம். அந்த ஐந்தாவது ஒலித்துண்டு அவளுடைய தாத்தாவின் குரல். கடதாசியைப் பார்த்துவிட்டு, "நம்ம தாத்தா எங்கயுமே முதல்ல வர மாட்டாரா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் எங்கட ஒப்படையின் முழுப் பிரச்சினையும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. பட்டியலில் ஒன்று திரும்ப வருவதை நேர விரயம் என்று மட்டும்தான் பெரும்பாலும் சொல்லித் தருகிறார்கள். இங்கே அது விரயம் மட்டுமில்லை. திரும்ப வருகிற ஒவ்வொரு வரியும் வரவேண்டிய இன்னொரு வரியின் இடத்தைப் பிடிக்கிறது.

திரும்பி வருவதைத் தடுக்க ஒரு லேசான வழி இருக்கிறது. 120ஐயும் எடுத்து, ஏற்கனவே வந்ததைப் பார்த்துப் பார்த்துக் கழித்துவிடலாம். ஐந்து துண்டுக்கு அது தாராளமாகக் காணும். ஆனால் ஐந்து வகையில் இரண்டிரண்டாகப் பத்துத் துண்டு இருந்தால் 36,28,800 வரியை எடுத்து, அதிலிருந்து 1,13,400ஐ மட்டும் வைத்துக்கொள்ள வேண்டி வரும். ஒவ்வொரு நல்ல வரிக்கும் 31 வரியை உருவாக்கிவிட்டு எறிகிறோம். அதைவிடப் புத்தியான வழி, திரும்பி வரப்போகிற வரியைத் தொடங்கவே விடாமல் இருப்பது.

நாங்கள் அதை முதலில் துண்டுக் கடதாசியில்தான் விளங்கிக்கொண்டோம். ஹொஸ்டல் தரையில் ஐந்து துண்டுகளை ஒரு வரிசையாக வையுங்கள்: 1, 1, 2, 2, 3. ஒரே எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். இப்போது இடமிருந்து ஒன்றை எடுத்துக் கொப்பியில் எழுதிவிட்டு, அந்தத் துண்டை அதே இடத்திலேயே கவிழ்த்து வையுங்கள். கவிழ்ந்திருந்தால் "பாவித்தாயிற்று" என்று அர்த்தம். அடுத்த இடத்துக்கு, கவிழாமல் இருப்பதில் ஒன்று. ஐந்தும் கவிழ்ந்ததும் ஒரு வரி முடிந்தது. பிறகு கடைசியாகக் கவிழ்த்ததை நிமிர்த்திவிட்டு, அந்த இடத்துக்கு அதற்கு வலப்பக்கம் உள்ள அடுத்த துண்டை எடுத்துப் பாருங்கள். அங்கே எடுக்க ஒன்றும் இல்லையென்றால், அதற்கு முந்தின துண்டையும் நிமிர்த்திவிட்டு அங்கிருந்து தொடருங்கள். இப்படிப் பின்வாங்கிப் பின்வாங்கிப் போனால் ஒரு ஒழுங்கும் தப்பாது.

இதுவரைக்கும் இது அந்த 120 வரி முறைதான். திரும்பி வருவதைத் தடுக்கும் விதி ஒன்றே ஒன்று. ஒரு துண்டை எடுக்கப் போகும்போது அதற்கு உடனே இடப்பக்கம் உள்ள துண்டைப் பாருங்கள். அதிலும் அதே எண் இருந்து, அது இன்னும் கவிழாமல் இருந்தால், கையில் எடுத்ததை எடுக்காதீர்கள், தாண்டிப் போங்கள். அதாவது அக்கா போகாமல் தங்கச்சி போகேலாது. ஒரே எண்ணுள்ள துண்டுகள் எப்போதும் இடமிருந்து வலமாக, தங்களுக்குள் அந்த ஒழுங்கிலேயேதான் உள்ளே போக வேண்டும்.

இது ஏன் போதும்? 11223 என்ற வரி நான்கு தடவை வந்ததற்குக் காரணம், இரண்டு 1களும் இரண்டு விதமாகவும் இரண்டு 2களும் இரண்டு விதமாகவும் போக முடிந்ததுதான். அந்த நான்கு விதத்தில் அக்கா இரண்டு இடத்திலும் முன்னுக்குப் போவது ஒரே ஒரு விதம். மற்ற மூன்றையும் விதி தடுக்கிறது. ஒரு ஒழுங்கும் முற்றாக அழிவதில்லை, ஏனென்றால் எந்த ஒழுங்கை எடுத்தாலும் அதில் அக்கா முன்னுக்குப் போகும் விதம் ஒன்று நிச்சயம் இருக்கும். ஒன்றுக்குக் குறையவும் மாட்டாது, ஒன்றுக்கு மேலே போகவும் மாட்டாது.

1, 1, 2 என்ற மூன்று துண்டை வைத்து முழுவதையும் செய்து பார்க்கலாம். முதலாம் இடத்துக்கு முதல் 1. இரண்டாம் இடத்துக்கு இரண்டாவது 1. அதன் இடப்பக்கத்து 1 கவிழ்ந்திருக்கிறது, ஆகவே போகலாம். மூன்றாம் இடத்துக்கு 2. கிடைத்தது 112. பின்வாங்குகிறோம். இரண்டாம் இடத்துக்கு இப்போது 2, மூன்றாம் இடத்துக்கு இரண்டாவது 1. கிடைத்தது 121. இன்னும் பின்வாங்கி எல்லாத் துண்டையும் நிமிர்த்திவிட்டோம். முதலாம் இடத்துக்கு இரண்டாவது 1ஐ எடுக்கலாமா? இடப்பக்கத்து 1 நிமிர்ந்து இருக்கிறது. எடுக்கேலாது. அந்தப் பக்கம் போயிருந்தால் 112, 121 இரண்டும் திரும்ப வந்திருக்கும், வாசலிலேயே நின்றுவிட்டது. அடுத்தது முதலாம் இடத்துக்கு 2. பிறகு முதல் 1, பிறகு இரண்டாவது 1. கிடைத்தது 211. மறுபடியும் பின்வாங்கி, இரண்டாம் இடத்துக்கு இரண்டாவது 1ஐ எடுக்கப் பார்த்தால் அதே தடை. முடிந்தது. மூன்று ஒழுங்கு, மூன்றும் வேறு வேறு.

இதையே பைதனில் எழுதினால் இவ்வளவுதான்:

```python
def orders(items):
    items = sorted(items)
    n = len(items)
    used = [False] * n
    path, result = [], []

    def place():
        if len(path) == n:
            result.append(path[:])
            return
        for i in range(n):
            if used[i]:
                continue
            if i > 0 and items[i] == items[i-1] and not used[i-1]:
                continue
            used[i] = True
            path.append(items[i])
            place()
            path.pop()
            used[i] = False

    place()
    return result

lists = orders([1, 1, 2, 2, 3])
```

`used` என்பது கவிழ்த்து வைக்கும் வேலை. `path` என்பது கொப்பியில் எழுதிக்கொண்டு வரும் வரி. `place()` தன்னைத்தானே கூப்பிடும் இடம், அடுத்த இடத்துக்குப் போவது. அதற்குக் கீழே உள்ள இரண்டு வரிகள், திரும்பி வந்ததும் எழுதினதை அழித்துத் துண்டை நிமிர்த்துவது. நடுவில் உள்ள நீளமான `if` வரிதான் அக்கா தங்கச்சி விதி.

இந்தச் சின்ன நிரலுக்குள் மூன்று இடங்களில் ஒரு சொல் மாறினாலும் காரியம் கெடும். மூன்றும் மூன்று விதமாகக் கெடும் என்பதால் அறிந்து வைத்திருப்பது நல்லது.

முதலாவது, `sorted`. விதி உடனடி இடப்பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறது. அணி 1, 2, 1 என்று கலைந்து கிடந்தால் கடைசி 1க்கு இடப்பக்கம் 2 நிற்கும். தன்ர அக்கா ஆரென்று அதற்குத் தெரியாது. விதி ஒருதடவைகூட வேலை செய்யாமல் ஆறு வரியும் வரும். பிழை என்று கணினி சொல்லாது. மூன்று வரவேண்டிய இடத்தில் ஆறு வருகிறதே என்று நாங்கள்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏறுவரிசையா இறங்குவரிசையா என்பது முக்கியமில்லை. ஒரே மாதிரியானவை பக்கத்தில் இருந்தால் காணும்.

இரண்டாவது, `not used[i-1]`. அதை விட்டுவிட்டு, "இடப்பக்கத்தில் அதே எண் இருந்தால் தாண்டு" என்று மட்டும் எழுதினால், தங்கச்சி ஒருநாளும் போகமாட்டா. அக்கா கவிழ்ந்தாலும் நிமிர்ந்தாலும் அவ பக்கத்திலேயே இருக்கிறாவே. 1, 1, 2க்கு ஒரு வரிகூட முழுமையடையாது. பட்டியல் வெறுமையாக வரும். திரும்பி வருவதைத் தடுக்கப் போய் ஒருவரை முற்றாகத் தடுத்துவிட்ட கதை.

மூன்றாவதுதான் கள்ளத்தனமானது. `path[:]` என்பதில் உள்ள அந்த அடைப்பும் முக்காற்புள்ளியும் வரியைப் பிரதி எடுக்கச் சொல்கின்றன. அதை விட்டு `path` என்று மட்டும் சேர்த்தால், சேர்வது பிரதி இல்லை, அதே கொப்பிப் பக்கம். பிறகு அந்தப் பக்கத்தை அழித்து அழித்து எழுதுகிறோம். கடைசியில் எல்லாம் அழிந்திருக்கும். `len(lists)` என்று கேட்டால் 30 என்றுதான் சொல்லும். திறந்து பார்த்தால் முப்பதும் வெறுமை. எண்ணிக்கை சரியாக இருப்பதால் எல்லாம் சரி என்று நம்பக்கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆகவே நாங்கள் மூன்று சோதனை வைத்தோம். மொத்தம் 30 வர வேண்டும். அந்த 30உம் ஒன்றுக்கொன்று வேறாக இருக்க வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு இடத்திலும் எந்த வகை எத்தனை தடவை வருகிறது என்று எண்ண வேண்டும். 3 ஒவ்வொரு இடத்திலும் ஆறு தடவை வர வேண்டும். 1உம் 2உம் ஒவ்வொரு இடத்திலும் பன்னிரண்டு தடவை. மூன்றும் சரியாக வந்தன. ஹட்டன் தாத்தா இப்போது ஆறு பேருக்கு முதலாவதாகக் கேட்பார்.

ஆனால் பட்டியல் சரி என்பதாலேயே பரிசோதனை சரியாகிவிடாது. இரண்டு விஷயம் மிச்சம் இருந்தது.

ஒன்று, இந்தப் பட்டியல் ஓர் ஒழுங்கில்தான் வருகிறது. முதல் 12 வரிகள் யாழ்ப்பாணத்தில் தொடங்கும், அடுத்த 12 மட்டக்களப்பில், கடைசி 6 மலையகத்தில். முப்பது பேரும் வந்தால் பிரச்சினையில்லை. கம்பஸில் பின்னேரம் நான்கு மணிக்கு ஆக்களைக் கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முப்பது பேர் வருகிறோம் என்றால் இருபது பேர்தான் வருவார்கள். மேலிருந்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனால் அந்த இருபதில் 12 யாழ்ப்பாணம், 8 மட்டக்களப்பு, மலையகம் பூச்சியம். பழைய கதை வேறு வாசலால் வந்துவிடும். அதனால் முப்பது வரியையும் `random.shuffle(lists)` என்று நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் பகிர வேண்டும். குலுக்கினால் இருபது பேர் வந்தாலும் எந்த வகையும் வேண்டுமென்று பின்னுக்குத் தள்ளப்படாது.

இரண்டாவதை மட்டக்களப்புப் பெடியன் ஒருவன்தான் பிடித்தான். விதியை இன்னொருமுறை வாசியுங்கள். அக்கா போகாமல் தங்கச்சி போகேலாது. எங்கட மட்டக்களப்புத் துண்டு இரண்டில் ஒன்று ஒரு மீனவரின் குரல், மற்றது ஒரு ஆசிரியையின் குரல். மீனவரை அக்கா இடத்தில் வைத்தால் முப்பது ஒழுங்கிலும் மீனவர் ஆசிரியைக்கு முன்னாலேயே வருவார். முப்பதிலும்! யாழ்ப்பாணத்துத் துண்டுகளுக்கும் அதே நிலைமை: அங்கே ஒரு வயதுபோன அம்மா, ஒரு இளம் பெடியன். எண்ணில் இரண்டும் 1தான். காதில் இரண்டும் ஒன்றில்லை. மீனவர் எப்போதும் முதலில் வந்தால், ஆசிரியைக்குக் கிடைக்கும் புள்ளியில் அவருடைய பேச்சு எவ்வளவு, மீனவருக்குப் பிறகு வந்ததன் பலன் எவ்வளவு என்று பிரிக்கேலாது.

நிரலில் பிழை இல்லை. "இந்த இரண்டும் ஒன்றுதான்" என்று நாங்கள் சொன்னோம், அது நம்பியது. அந்தச் சொல்லை எதற்காகச் சொன்னோமோ அதற்குள் மட்டும் அது உண்மை. வகைகளின் ஒழுங்கை எடுக்கும்போது இரண்டும் ஒன்றுதான். ஆளை ஒலிபெருக்கியில் போடும்போது ஒன்றில்லை.

திருத்தம் சுகமானது. பட்டியல் வகைகளை மட்டும் சொல்லட்டும்: 2, 3, 1, 2, 1 என்று. எந்த 2 முதலில், எந்த 1 முதலில் என்பதைப் பிறகு தனியாக முடிவு செய்யலாம். நாங்கள் முப்பது சீட்டு எழுதினோம், பதினைந்தில் "மீனவர்", பதினைந்தில் "ஆசிரியை". குலுக்கி ஒவ்வொரு ஒழுங்குக்கும் ஒரு சீட்டு. யாழ்ப்பாணத்துக்கு வேறாக முப்பது சீட்டு. நாணயம் சுண்டியும் செய்யலாம், ஆனால் சுண்டினால் 15, 15 என்று சமமாக வரும் என்று உறுதியில்லை. ஐந்தையும் ஐந்து வேறு ஆக்களாகவே வைத்து எல்லா ஒழுங்கையும் கேட்க வைப்பதென்றால் 120 பேர் வேண்டும். அவ்வளவு பேர் எங்களிடம் இல்லை. முப்பது ஒழுங்கும் இரண்டு பெட்டிச் சீட்டும் அதற்கு மிகக் கிட்டப் போகிறது.

வேலை முடிகிற நேரத்தில் ஹட்டன்காரி இன்னொன்று கேட்டாள். "யாழ்ப்பாணத்துக்கு ஏன் ஒன்னு போட்டீங்க?" நேர்மையான விடை, முதலில் கையில் வந்த ஒலித்துண்டு அதுதான் என்பது. மலையகத்தை 1 என்று வைத்தாலும் அதே முப்பது ஒழுங்குகள்தான் வரும்; பட்டியலில் மேலே கீழே மாறும், அவ்வளவுதான். குலுக்கிவிட்டால் அதுவும் தெரியாது. ஆனால் குலுக்காமல் விட்டால் அந்த இலக்கம் சும்மா ஒரு பெயராக இருக்காது, யார் முதலில் என்பதையே தீர்மானிக்கும். கேள்வி சரியான இடத்தில்தான் வந்தது.

ஒழுங்கால் தீர்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. தாத்தா ஒவ்வொரு இடத்திலும் ஆறு தடவை வந்தாலும் அவர் ஒராள்தான். யாழ்ப்பாணத்துக்கு இரண்டு பேர், மட்டக்களப்புக்கு இரண்டு பேர், ஒரு முழு மலைநாட்டுக்கும் ஒரு தாத்தா. அவருக்குக் குறையப் புள்ளி வந்தால் அது மலையகத் தமிழுக்கு வந்ததா, அவருடைய இருமலுக்கு வந்ததா என்று எந்த வரிசைமாற்றமும் சொல்லாது. அடுத்த லீவில் அவள் ஊருக்குப் போகும்போது இன்னொரு குரலைப் பதிவு செய்துகொண்டு வருகிறாள், பெரும்பாலும் தன்ர சித்தியை.

அது வந்தால் அணி 1, 1, 2, 2, 3, 3. ஆறு துண்டுக்கு 720ஐ மூன்று தடவை 2ஆல் பிரிக்க 90 ஒழுங்குகள். ஆக்கள் அப்போதும் முப்பது பேர்தான். நிரலில் ஒரு எழுத்தும் மாறாது, ஆனால் 90இல் எந்த 30 என்று நாங்கள் தெரிய வேண்டும். அந்த 90இல் ஒவ்வொரு வகையிலும் தொடங்குவது முப்பது முப்பது. முதல் யோசனை, ஒவ்வொன்றிலும் குலுக்கல் முறையில் பத்துப் பத்தை எடுப்பது. அப்போது முதல் இடமாவது மூன்று ஊருக்கும் சமமாக இருக்கும். மற்ற ஐந்து இடங்களிலும் எவ்வளவு கோணும் என்று அந்தப் பட்டியலை எடுத்து எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.